பெயர் கிரண் ஜே. – ஆணா பெண்ணா தெரியவில்லை. கவர் லெட்டரின் முதல் வரியில் என்ன போடுவது?

விடியல்22
வணக்கம். நாளை மாலைக்குள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் அடியில், ரெஸ்யூமேயையும் கவர் லெட்டரையும் "கிரண் ஜே., டேலண்ட் அக்விசிஷன்" என்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் ஆங்கிலத்தில்தான். முழுவதும் எழுதி முடித்துவிட்டேன், முதல் வரி மட்டும் காலியாகக் கிடக்கிறது.

கிரண் என்ற பெயர் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. லிங்க்ட்இன்னில் தேடினால் அதே நிறுவனத்தில் கிரண் ஜே. என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். இரண்டு பேருமே ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பதாகப் போடவில்லை. மிஸ்டரா, மிஸ்ஸா? தப்பாகப் போட்டால் முதல் வரியிலேயே கதை முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய தட்டச்சு
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? "டியர் சார் ஆர் மேடம்" என்று போடுங்கள். கடைசியில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி". பெயர் சொல்லித் தொடங்கினால் மட்டும்தான் "யுவர்ஸ் சின்சியர்லி" வரும், இரண்டையும் கலக்கக் கூடாது. நாங்கள் கடிதம் எழுதக் கற்றுக்கொண்ட காலத்திலிருந்து இதுதான் முறை. யாரையும் புண்படுத்தாது.

கடல்நண்டு
டூ ஹூம் இட் மே கன்சர்ன் போட்டுவிடுங்கள். என் பழைய மேலாளர் எனக்குக் கொடுத்த கடிதத்தில் அதுதான் இருந்தது. அதைக் காட்டித்தான் இப்போதைய வேலையே கிடைத்தது.

சல்லடை
கடல்நண்டு, உங்களுக்குக் கிடைத்தது நன்னடத்தை அல்லது அனுபவச் சான்று. அதை நீங்கள் யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது, அதனால் அங்கே அந்த வரி சரி. விடியலின் கடிதம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, ஒரு குறிப்பிட்ட பெட்டிக்குப் போகிறது. அங்கே அந்த வரி, நோட்டீஸ் பலகையில் ஒட்டிய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

நான் ஆள் எடுக்கும் வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன். பழைய தட்டச்சு சொன்ன ஃபெய்த்ஃபுல்லி, சின்சியர்லி ஜோடி பிரிட்டிஷ் வழக்கப்படி சரியானது. ஆனால் அவர் சொன்ன தொடக்கம், பெயரே தெரியாதபோது போடுவது. இங்கே பெயர் விளம்பரத்திலேயே இருக்கிறது. பெயர் கொடுத்த பிறகும் ஒருவர் சார் ஆர் மேடம் என்று எழுதினால், எனக்கு முதலில் தோன்றுவது "இவர் விளம்பரத்தைக் கடைசி வரை படிக்கவில்லை" என்பதுதான். அதற்காக யாரையும் ஒதுக்கமாட்டேன், ஆனால் தோன்றத்தான் செய்கிறது.

விடியல், உங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: மிஸ்டரா, மிஸ்ஸா. பெயர் தெரியும். அப்படியானால் தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுங்கள்.

```
Dear Kiran J,
```

அவ்வளவுதான். அடைமொழி எதுவும் வேண்டாம். இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்து, அதன் பின் காற்புள்ளியும் வைத்தால் பார்க்க அழகாக இல்லை, புள்ளியை எடுத்துவிடலாம். நிறுவனம் சாதாரணமாகப் பேசும் வகை என்றால், விளம்பரமே "நாங்கள்", "நீங்கள்" என்று நட்பாக எழுதப்பட்டிருந்தால், "டியர் கிரண்" என்று மட்டும் போட்டாலும் தப்பில்லை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: "டியர் மிஸ்டர் ஜே". அந்த ஜே குடும்பப் பெயரா, அப்பா பெயரின் முதல் எழுத்தா என்று உங்களுக்குத் தெரியாது. ஒரே வரியில் இரண்டு ஊகம் ஆகிவிடும்.

பழைய தட்டச்சு
சல்லடை சார், நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவரை அடைமொழி இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு இல்லையா? ஆங்கிலமாக இருந்தாலும் மரியாதை மரியாதைதானே.

சல்லடை
சார் இல்லை. மேடம்.

கோபமில்லை, நிஜமாகவே இல்லை. புனைபெயரை வைத்து நீங்கள் ஊகித்தீர்கள், ஊகம் தவறிவிட்டது, நான் தொடர்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். விடியல் பயப்படுகிற மாதிரி வானம் இடிந்து விழவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் முழுப் பெயரை எழுதுவதும் முதல் பெயரை மட்டும் எழுதுவதும் ஒன்றல்ல. "டியர் கிரண்" தோளில் கை போடுகிற மாதிரி. "டியர் கிரண் ஜே" அதில் கொஞ்சம் தள்ளி நிற்பது. கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பழைய தட்டச்சு
மன்னிக்கவும் மேடம். ஆனாலும் விறைப்பாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதைக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஜோதிக்குஜே
இந்த இழை எனக்காகவே திறந்த மாதிரி இருக்கிறது. என் பெயர் ஜோதி. நான் ஆண். வேலையில் எனக்கு வரும் மின்னஞ்சல்களில் மிஸ் ஜோதி, மிஸஸ் ஜோதி, டியர் மேடம் எல்லாம் சாதாரணம். விற்பனையாளர்கள், விண்ணப்பதாரர்கள், ஒருமுறை எங்கள் நிறுவனத்தின் இன்னொரு பிரிவே கூட.

எனக்கு எது உறுத்தும் என்று சொல்கிறேன். தெரியாமல் மிஸ் என்று எழுதுகிறவர் மேல் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் இரண்டு முறை பதில் எழுதி, தொலைபேசியில் என் குரலையும் கேட்ட பிறகு மூன்றாவது மின்னஞ்சலில் மறுபடி மிஸ் என்று வரும் பாருங்கள், அங்கேதான் கடுப்பு. அவர் என்னைப் பார்த்து எழுதவில்லை, பழைய மின்னஞ்சலை நகலெடுத்து ஒட்டுகிறார் என்று அப்போது புரிந்துவிடும்.

"டியர் ஜோதி" என்று வந்தால் நான் கவனிப்பதே இல்லை. நேரே அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

விடியல்22
நன்றி எல்லோருக்கும். ஜோதி சார் (உங்களைச் சார் என்று தைரியமாகச் சொல்லலாம்!), ஒரு சந்தேகம். பெயரைப் போட்டால் ஆணா பெண்ணா என்று சதவீதத்தோடு சொல்லும் தளங்கள் இருக்கின்றன. அதில் போட்டுப் பார்த்தேன், ஆண் பக்கம் கொஞ்சம் அதிகம் காட்டியது. அதை நம்பலாமா?

மொழிமாற்றி
நம்பாதீர்கள். அந்த மாதிரித் தளங்கள், ஏற்கெனவே திரட்டிய பட்டியலில் அந்தப் பெயரோடு எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் என்று எண்ணித்தான் சொல்கின்றன. பட்டியல் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அந்த நாட்டுக்குத்தான் எண்ணிக்கை பொருந்தும். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண் பெயர், ஜெர்மனியிலும் ஆங்கிலத்திலும் பெண் பெயர். சிமோன் என்று இத்தாலியர் எழுதினால் ஆண், பிரெஞ்சுக்காரர் அதே எழுத்துகளில் எழுதினால் பெண். ஜீன் என்று ஆங்கிலத்தில் படித்தால் பெண், அதே நான்கு எழுத்துகள் பிரெஞ்சில் ஜான் மாதிரி ஆண். நிகிதா ரஷ்யாவில் ஆண், இந்தியாவில் பெண். குர்ப்ரீத், ஹர்ப்ரீத் போன்ற சீக்கியப் பெயர்கள் இருபாலருக்கும் பொது.

அப்புறம் இன்னொன்று. நூற்றில் எழுபது பேர் ஆண் என்று தளம் சொன்னாலும், நீங்கள் எழுதுவது அந்த நூறு பேருக்கு அல்ல, ஒருவருக்கு. அவர் மீதி முப்பதில் ஒருவராக இருந்தால் அந்த எழுபதால் அவருக்கு என்ன ஆறுதல்?

லிங்க்ட்இன்னில் 2021 முதல் பெயருக்குப் பக்கத்தில் ஹி, ஷி, தே என்று தாங்களே போட்டுக்கொள்ளும் இடம் இருக்கிறது. அது ஊகமல்ல, அவர் சொன்னது. ஆனால் அந்தப் பக்கம் உங்கள் கிரணுடையதுதானா என்பது உறுதியாக வேண்டும். உங்களுக்கு வந்த மாதிரி இரண்டு பேர் வந்தால், நின்றுவிடுங்கள். புகைப்படத்தை வைத்துத் துப்பறிய வேண்டாம்.

சல்லடை
ஆமாம். தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். விளம்பரத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், நிறுவனத்தின் "எங்கள் குழு" பக்கம் இருந்தால் பாருங்கள், முன்பே ஏதாவது பதில் வந்திருந்தால் கையெழுத்துப் பகுதியைப் பாருங்கள். வரவேற்பு எண்ணுக்கு அழைத்து "கிரண் அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறேன், எப்படிக் குறிப்பிடுவது?" என்று கேட்பதும் உண்டு. பழைய வழிதான், இன்னும் வேலை செய்கிறது. கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான் உண்மையில் சொல்ல நினைத்தது வேறு. விடியல், நீங்கள் அனுப்பப்போவது ஒரு கடிதமா, இரண்டா?

விடியல்22
புரியவில்லை. மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதி, கவர் லெட்டரையும் ரெஸ்யூமேயையும் பிடிஎஃப்பாக இணைக்கப்போகிறேன். மின்னஞ்சலிலும் கவர் லெட்டரிலும் ஒரே தொடக்கம்தானே?

சல்லடை
அங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். மின்னஞ்சலைப் படிப்பவர் வேறு, இணைப்பைப் படிப்பவர் வேறு.

எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். விளம்பரத்தில் பெயர் இருப்பவர் ஆள்தேர்வுப் பிரிவில் இருப்பார். மின்னஞ்சல் அவருக்குத்தான் வரும். அவர் ரெஸ்யூமேயைப் பார்த்து, பொருந்துகிறது என்று தோன்றினால் இணைப்புகளை மட்டும் எடுத்து விண்ணப்பங்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளில் ஏற்றுவார், அல்லது அந்த வேலைக்கு உரிய மேலாளருக்கு அனுப்புவார். ஆங்கிலத்தில் ஹையரிங் மேனேஜர் என்பது அவரைத்தான். பலர் நினைக்கிற மாதிரி ஹெச்.ஆர். ஆள் அல்ல. நாளைக்கு உங்களுக்கு வேலை கொடுத்து வேலை வாங்கப்போகிறவர்.

மின்னஞ்சலில் எழுதிய இரண்டு வரி பெரும்பாலும் கிரணோடு நின்றுவிடும். பிடிஎஃப் மட்டும் மேலே போகும். அதைத் திறக்கும் மேலாளர் "டியர் கிரண் ஜே" என்று பார்த்தால், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் படிக்கிற மாதிரி இருக்கும். பெரிய குற்றமில்லை, ஆனால் தவிர்க்க முடிகிறதே.

அதனால் மின்னஞ்சலில் கிரணின் பெயர். இணைத்த கவர் லெட்டரில்:

```
Dear Hiring Team,
```

இதில் ஆண் பெண் பிரச்சினையே வராது. கிரண் படித்தாலும் பொருந்தும், மேலாளர் படித்தாலும் பொருந்தும், இடையில் கிரண் வேறு வேலைக்குப் போய்விட்டாலும் பொருந்தும். "டியர் ஹையரிங் மேனேஜர்" என்பதும் சரிதான், ஆனால் மூன்று பேர் உட்கார்ந்து தேர்வு செய்யும் இடங்களும் உண்டு, அதனால் எனக்கு டீம்தான் பிடிக்கும். ஏஜென்சி மூலம் போகும் விண்ணப்பம் என்றால் இது இன்னும் முக்கியம். ஏஜென்சிக்காரர் பெயரைக் கவர் லெட்டரில் போட்டால், வாடிக்கையாளர் நிறுவனம் அதைத் திறந்து யார் இவர் என்று கேட்கும்.

மேலாளரின் பெயர் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இணைப்பில் அவர் பெயரைப் போடுங்கள். அப்போதும் அடைமொழி தெரியாவிட்டால் முழுப் பெயர்தான்.

ஜோதிக்குஜே
இது எனக்கும் புதிது. நான் இத்தனை நாளும் இரண்டிலும் ஒரே பெயரைத்தான் போட்டேன். சரி, வேலை கிடைத்தது, ஆனாலும்.

கடல்நண்டு
மிக்ஸ் என்று ஒரு அடைமொழி இருக்கிறதாமே, எம் எக்ஸ். அதைப் போட்டால் யாருக்கும் பொருந்துமே. இத்தனை பேச்சு எதற்கு?

மொழிமாற்றி
இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் இணைய அகராதி 2015இல் சேர்த்தது. ஆனால் அது பெரும்பாலும், மிஸ்டர், மிஸ் இரண்டும் தனக்குப் பொருந்தவில்லை என்று நினைப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே தேர்ந்துகொள்வது. நமக்குத் தெரியாது என்பதற்காக இன்னொருவர் மேல் அதை ஒட்டினால், அதுவும் ஒரு ஊகம்தான். கிரண் தன் கையெழுத்தில் அப்படிப் போட்டிருந்தால் நீங்களும் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

மிஸ் என்று எம் எஸ் போடுவதுகூட ஒரு காலத்தில் இப்படித்தான் சண்டையில் இருந்தது. கல்யாணம் ஆனதா இல்லையா என்று தெரியாமல் எழுதுவதற்கான வழி அது. நியூயார்க் டைம்ஸ் 1986 வரை அதைத் தன் செய்திகளில் ஏற்கவில்லை. பெண் என்று தெரிந்து, மற்றது தெரியாதபோது அதுதான் சரி. மிஸஸ் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விடியல்22
மொழிமாற்றி, நீங்கள் வேறு மொழிகளிலும் வேலை செய்கிறீர்கள் போல. தமிழில் விண்ணப்பம் எழுத வேண்டி வந்தால்? திரு, திருமதி என்று அங்கேயும் இதே தலைவலிதானே?

மொழிமாற்றி
தமிழில் இது பாதிகூட இல்லை. "மதிப்பிற்குரிய கிரண் அவர்களுக்கு" என்று எழுதினால் முடிந்தது. அவர்கள் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையும் உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் முழுப் பெயர் விறைப்பாக நிற்பதற்குக் காரணமே இந்த அவர்கள் அங்கே இல்லாததுதான். பெயரே தெரியாவிட்டால் "அன்புடையீர்" அல்லது "மதிப்பிற்குரியீர்". அழைப்பிதழ்களில் பார்க்கும் "திருமிகு" கூட இருபாலருக்கும் பொதுவாக வைத்ததுதான். கொஞ்சம் மேடை வாசனை அடிக்கும், அதனால் வேலை விண்ணப்பத்தில் நான் போடமாட்டேன்.

ஜெர்மனில்தான் நிஜமான தலைவலி. வழக்கமான தொடக்கத்தில் "மதிப்பிற்குரிய" என்ற சொல்லே ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி என்று மாறும். அடைமொழியை விட்டாலும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பெயர் குழப்பமாக இருந்தால் அவர்கள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு நேராக வணக்கம் சொல்லி முழுப் பெயரை எழுதுகிறார்கள்.

```
Guten Tag Kim Schneider,
```

சீனப் பெயர், ஹங்கேரியப் பெயர் என்றால் குடும்பப் பெயர் முன்னால் வரும். மிஸ்டர் போட்டால் எந்தப் பாதியைச் சேர்ப்பது என்று குழம்ப வேண்டும். அங்கேயும் அவர் எழுதியபடியே முழுப் பெயரை எழுதினால் பிழைத்தோம்.

பழைய தட்டச்சு
அன்புடையீர் என்பதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் ஆங்கிலத்தில் தேடிக்கொண்டிருந்தது அந்தச் சொல்லைத்தான். சரி, முழுப் பெயருக்கு அரை மனதோடு சம்மதிக்கிறேன். ஆனால் பெயரே இல்லாத விளம்பரத்துக்குச் சார் ஆர் மேடம்தான் போடுவேன். அதை விடமாட்டேன்.

சல்லடை
போடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள். கொஞ்சம் வயதான கடிதமாகத் தெரியும், அவ்வளவுதான். வெறும் "டியர் சார்" என்று மட்டும் போடாதீர்கள். அது பெட்டியில் வந்தால் நானும் என் பக்கத்து இருக்கைத் தோழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

விடியல், அனுப்பும் முன் ஒரு காரியம். கடிதம் முழுவதிலும் "sir" என்று தேடுங்கள். முதல் வரியை இவ்வளவு யோசித்துச் சரிசெய்துவிட்டு, கடைசி வரியில் "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் சார்" என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். பழக்கத்தில் விரல் தானாக அடித்துவிடும். அதே தேடலில் போன விண்ணப்பத்தின் நிறுவனப் பெயர், ஆள் பெயர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆணா பெண்ணா என்று மாறிப்போனதை நான் மறந்துவிடுவேன். வேறு நிறுவனத்து ஆளின் பெயரோடு வந்த கடிதத்தை மறந்ததில்லை.

விடியல்22
தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கடைசி வரியில், நீங்கள் சொன்னபடியே. இன்னொன்று நடுவில், "உங்கள் நிறுவனத்தைப் பற்றி அறிவேன் சார்" என்று! எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை.

இரவுப்பணி
தாமதமாக வருகிறேன். போன மாதம் இதே தவறைச் செய்தேன். மிஸ்டர் என்று எழுதினேன், பதில் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது, கையெழுத்தில் "மிஸ்" என்று போட்டிருந்தார். நான் ஒரு பத்தி முழுக்க மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவே இல்லை. மன்னிப்பு கேட்டதுதான் தப்போ?

ஜோதிக்குஜே
ஒரு பத்தி அதிகம். அதைப் படித்துவிட்டு "பரவாயில்லை" என்று ஆறுதல் சொல்ல வேண்டிய வேலை அவர் தலையில் விழுகிறது. என்னைக் கேட்டால் அடுத்த மின்னஞ்சலில் பேசாமல் சரியாக எழுதிவிட்டாலே போதும்.

சல்லடை
எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே ஒரு வரி, "முந்தைய மின்னஞ்சலில் தவறாகக் குறிப்பிட்டதற்கு மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போவது எனக்குப் பிடிக்கும். பேசாமல் மாற்றினால், கவனித்து மாற்றினாரா, தற்செயலா என்று தெரியாது. ஆனால் இரவுப்பணி, பதில் வராததற்கு அது காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பதில் வராமல் போவதற்கு எங்கள் பக்கம் நூறு காரணம் இருக்கும்.

ஜோதிக்குஜே
கவனித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியதே இல்லை. சரியாக வந்தால் சரி. நமக்குள் இது ஒத்துவராது போல.

விடியல்22
அனுப்பிவிட்டேன். மின்னஞ்சலில் "டியர் கிரண் ஜே", பிடிஎஃப்பில் "டியர் ஹையரிங் டீம்". நன்றி எல்லோருக்கும்.

விடியல்22
நான்கு நாள் கழித்து: பதில் வந்தது! அடுத்த வாரம் வீடியோவில் நேர்காணல். கிரணே எழுதியிருக்கிறார். தொடக்கம் "ஹாய்" என்று என் பெயர், முடிவில் வெறும் "கிரண்". இனிஷியல்கூட இல்லை. இப்போதும் ஆணா பெண்ணா தெரியவில்லை. பதில் எழுத வேண்டும், மறுபடி "டியர் கிரண் ஜே"யா?

சல்லடை
இல்லை. அவர் எப்படிக் கையெழுத்திட்டாரோ அதைத்தான் இனி எடுத்துக்கொள்ள வேண்டும். "ஹாய் கிரண்". நேர்காணலுக்கு நேரம் உறுதிசெய்து இரண்டு வரி எழுதுங்கள், இன்றே.

பழைய தட்டச்சு
"டியர் கிரண்" என்றாவது போடலாமே மேடம்.

சல்லடை
போடலாம்.